‘கேஸ் இறங்கிடுச்சு’ என்றதும் தலையாட்டாதீர்கள்: சேலத்தில் நான் ஏமாந்த கதை

எங்கள் வீடு அம்மாபேட்டையில், மாடி போர்ஷன். மேலே வெறும் கான்கிரீட் தளம்தான். சித்திரை மாதம் சேலத்தில் மாடி வீடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதால், அவர் படுக்கிற அறைக்கு நாலு வருடத்துக்கு முன்பு ஒன்றரை டன் ஏசி போட்டோம். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண மாடல். இந்த ஏப்ரலில் அது என்னிடமிருந்து 8,700 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டது. கோளாறு 180 ரூபாய் சென்சாரில் இருந்தது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஏசி என்ன செய்தது என்று சொல்கிறேன். ரிமோட்டில் 24 வைத்துப் போட்டால் வெளியே கம்ப்ரஸர் உறுமும், ஜில்லென்று காற்று வரும், ஐந்து நிமிடத்தில் ‘டக்’ என்று நின்றுவிடும். உள்ளே காற்றாடி மட்டும் வெறும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். நாலு நிமிடம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி ‘டக்’. ஒரு நாள் தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன். பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குள் பத்து முறை ஓடி நின்றது. அறை மட்டும் வேர்த்தபடியே இருந்தது. அம்மா, “ஏசி ஓடுதா, இல்ல நடிக்குதா?” என்று கேட்டார்.

வழக்கமாக வருகிற பையன் ஊரில் இல்லை. அதனால் போனில் தேடிக் கிடைத்த ஒரு சர்வீஸ் கடைக்குச் சொன்னேன். பெயரைப் போடவில்லை. அந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை இதையேதான் செய்யும் என்பது என் எண்ணம். இரண்டு பேர் வந்தார்கள். ஏசியைப் போட்டு, காற்றுக்குக் கையை நீட்டி, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, “கேஸ் இறங்கிடுச்சுக்கா” என்றார்கள். எங்கே லீக் என்று கேட்டேன். “நாலு வருஷம் ஆச்சுல்ல, தானா குறையும்” என்றார் ஒருவர். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சோப்புத் தண்ணீர் தடவி, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைத்த பிறகுதான் நிரப்புவார்கள். எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. குழாயை வேக்கம் பம்ப் போட்டுக் காலியாக்கி, எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இவர்களிடம் தராசும் இல்லை, பம்பும் இல்லை. சிலிண்டரை மாட்டினார்கள், கொஞ்ச நேரம் ‘உஸ்’ என்றது, 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவும் அதே கதை.

மறுநாள் அதே கடையைக் கூப்பிட்டதும் வேறொருவர் வந்தார். இவர் உள் யூனிட்டைத் திறந்து பார்த்து, “போர்டு போயிடுச்சு, அதான் ஆன் ஆஃப் ஆகுது” என்றார். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. போர்டு, கூலி எல்லாம் சேர்த்து 5,500. பில் துண்டுச்சீட்டில் கையால் எழுதியது. பாகத்தின் எண் அதில் இல்லை. பழைய போர்டைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எடுத்துப்போய்விட்டார். எனக்கென்னவோ அது இந்நேரம் வேறொரு வீட்டில் ‘புது போர்டு’ ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. புதுப் போர்டு போட்ட பிறகும் ஐந்து நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் ஓய்வு.

அப்புறம்தான் மாமா சொன்ன ஆளை அழைத்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார், பெரியவர். வந்ததும் டூல் பெட்டியைத் திறக்கவில்லை, கேள்விதான் கேட்டார். “24ல வெச்சா நிக்குது, சரி. 16ல வெச்சுப் பாத்தியா கண்ணு?” பார்த்திருந்தேன். 16ல் வைத்தால் ரொம்ப நேரம் ஓடும், அறையும் ஓரளவு குளிரும். இதை முதலில் வந்தவர்களிடமும் சொல்லியிருந்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் சிரித்தார். “கேஸ் இல்லாட்டி எந்த நம்பர்ல வெச்சாலும் குளிராது. கம்ப்ரஸரும் நிக்காது, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். உன்னுது குளிர வேண்டிய அளவு குளிர்ந்திடுச்சுன்னு நெனச்சு நிக்குது” என்றார்.

விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில் இருந்தது. கேஸ் குறைந்த ஏசி பெரும்பாலும் நிற்காமல் ஓடும். என் ஏசி சீக்கிரம் நின்றது. இரண்டும் நேர் எதிரான அறிகுறிகள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு முன்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள் யூனிட்டில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று செம்புத் தொப்பி போட்டது, குளிர்க் குழாயோடு ஒட்டியிருக்கும் சின்னச் செம்புக் குழலுக்குள் செருகியிருக்கும். அது காயிலின் சூட்டைப் பார்ப்பது. இன்னொன்று மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தலை. காயிலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில், தகடுகளைத் தொடாமல் நிற்கும். அறையிலிருந்து உள்ளே இழுக்கப்படும் காற்று அதன் மேல் பட்டுத்தான் போகும். அறை எத்தனை டிகிரி என்று போர்டுக்குச் சொல்வது இதுதான். சர்வீஸ் செய்கிறவர்கள் சிலர் கழுவிவிட்டு இதைக் கிளிப்பில் மாட்டாமல் தகடுகளுக்கு நடுவே செருகிவிடுவார்களாம். அப்போது அது காயிலின் குளிரை அறையின் குளிர் என்று எடுத்துக்கொண்டு, இதே மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓடவைக்கும். அப்படி இருந்தால் காசே செலவில்லை, திரும்ப மாட்டினால் போதும். என்னுடையது கிளிப்பில் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிளக்கைப் போர்டிலிருந்து பிடுங்கி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையிலும் தொட்டார். 11.4 கிலோ ஓம். பக்கத்தில் என் மேஜை வெப்பமானி 31 டிகிரி காட்டியது. எங்கள் மாடலில் இருப்பது 10 கிலோ ஓம் சென்சார், அதாவது 25 டிகிரியில் 10 காட்ட வேண்டும். சூடு ஏறினால் எண் இறங்கும், குளிர்ந்தால் எண் ஏறும். 31 டிகிரிக்கு ஏறக்குறைய 7.7 வர வேண்டும். 11.4 என்பது 22 டிகிரிக்கான எண். நாங்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஏசியோ அறை 22 என்று நம்பிக்கொண்டிருந்தது. ஒன்பது டிகிரி பொய்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எல்லாம் புரிந்துவிடும். நான் 24 வைத்தால் உண்மையில் அறை 33க்கு வந்ததுமே இலக்கை எட்டிவிட்டதாக அது நின்றுவிடும். எங்கள் அறை இரவில் 35, 36ல் கிடக்கும். அங்கிருந்து 33க்கு வர ஐந்து நிமிடம் போதும். நின்றதும் தளத்தின் சூடு அறைக்குள் இறங்கும், மறுபடி ஓடும். 16 வைத்தபோது நின்றது உண்மையில் 24, 25ல். அதனால்தான் அப்போது மட்டும் குளிர்ந்தது.

பிரச்சினை சென்சார் என்றால் ஏசியே எர்ரர் காட்டாதா என்று கேட்டேன். வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ காட்டும் என்றார். இப்படி நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் போர்டுக்குச் சந்தேகம் வராது. அறை 22 என்பது நடக்கக்கூடியதுதானே! போர்டை மாற்றியும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதுதான். புதுப் போர்டும் பழைய சென்சார் சொன்ன பொய்யையே கேட்டது.

எனக்கு ஒரு தடவை ஏமாந்த பயம். மீட்டர் தப்பாக இருந்தால்? அவர் கோபப்படவில்லை. ஒரு டம்ளரில் ஐஸை உடைத்துப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கடையிலிருந்து வாங்கிவந்த புதுச் சென்சாரையும் பழையதையும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரண்டையும் ஒன்றாக அதில் விட்டார். ஐந்து நிமிடம் கழித்துப் புதியது 32.8 கிலோ ஓம் காட்டியது. பூஜ்ஜிய டிகிரிக்கு 32, 33 அளவில் வருவது சரியான எண். பழையது 48ல் போய் நின்றது. ஒரே டம்ளர், ஒரே மீட்டர். அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

சென்சார் 180, அவர் கூலி 500. நான் கூடக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். இங்கே ஒன்று கவனியுங்கள். எல்லா ஏசியிலும் 10 கிலோ ஓம் இல்லை. 5, 15, 20 என்றும் இருக்கிறது. மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். தப்பான அளவைப் போட்டால் புதுச் சென்சாரும் பொய்தான் சொல்லும்.

உங்கள் ஏசி இப்படி நின்று நின்று ஓடினால், யாரையும் அழைப்பதற்கு முன் ஒரு சாதாரண வெப்பமானியை உள் யூனிட்டுக்குப் பக்கத்தில், குளிர்காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். கம்ப்ரஸர் நிற்கும்போது அது என்ன காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். ரிமோட்டில் வைத்த எண்ணை விட ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் சகஜம். ஏழெட்டு டிகிரி அதிகம் இருக்கும்போதே, ஒவ்வொரு முறையும் நின்றால், முதலில் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில ரிமோட்டுகளில் ‘ஃபாலோ மீ’ அல்லது ‘ஐ ஃபீல்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட்டுக்குள் இருப்பதைக் கேட்கும். அப்போது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி யார் என்று திறக்காமலே தெரிந்துவிடும். எங்கள் ரிமோட்டில் அந்தப் பட்டன் இல்லை. தள்ளிப்போடவும் வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கம்ப்ரஸர் ஓட்டத்தில் எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை ஒரு நொடி இழுக்கும். இரவு முழுக்க அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தால் அதன் ஆயுள்தான் குறையும்.

பணம்? அந்தக் கடைக்குப் போன் செய்து 11.4 கணக்கைச் சொன்னேன். “சென்சாரும் போயிருக்கலாம்கா, நாங்க போர்டையும் கேஸையும்தான் பாத்தோம்” என்று பதில். பழைய போர்டைத் திருப்பிக் கேட்டேன், அனுப்பியாகிவிட்டது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே பில்லைப் பற்றித்தான். என்னிடம் இருந்தது பாக எண்ணும் ஜிஎஸ்டியும் இல்லாத அந்தத் துண்டுச்சீட்டு. அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. போன வாரம் அதே கடையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறீர்களா, கேஸ் பாதி விலை என்றார்.