திருச்சியில் ஒரு அடிவயிறு ஸ்கேன்: அந்தத் தண்ணீரை ஏன் குடிக்கச் சொல்கிறார்கள்

டொராண்டோவில் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல் டாக்டர், கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் போவோம். இந்த முறை என் பட்டியலில் அடிவயிறு ஸ்கேனும் சேர்ந்துகொண்டது. சில மாதங்களாக மாதவிடாயில் ரத்தம் கட்டி கட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. திருச்சியில் பார்த்த மகப்பேறு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தில்லைநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை வாசலிலேயே இருந்தது. 1994 சட்டத்தின்படி எல்லா ஸ்கேன் சென்டரிலும் அது இருக்க வேண்டும். கவுண்டரில் பணம் கட்டியதும் அந்தப் பெண் சொன்னது ஒரே வாக்கியம்: "தண்ணி குடிங்கக்கா, முட்டினா சொல்லுங்க." எவ்வளவு, எப்போது, எதற்கு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. டோக்கன் நம்பர் எதுவானாலும் எல்லோருக்கும் இதே பதில்தான். எனக்கு எரிச்சல் வந்தது இதில்தான். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா வந்தவுடனே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, முறை வருவதற்குள் தாங்க முடியாமல் பாத்ரூம் போய்விட்டு வந்தார். அவர் மறுபடி முதலில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது சுமார் ஒரு லிட்டர் குடித்து முடிக்கச் சொன்னாலே போதும், இந்தக் கூத்து பாதி குறைந்துவிடும். கடைசி நிமிடத்தில் மடமடவென்று குடிப்பதில் பயனில்லை, தண்ணீர் வயிற்றில்தான் நிற்கும், சிறுநீரகம் அதைச் சிறுநீர்ப்பைக்கு அனுப்ப நேரம் வேண்டும். வெயிலில் வியர்த்து வந்தவர்களுக்கு இன்னும் தாமதமாகும். சோடா, கூல்டிரிங்க்ஸ் வேண்டாம், குடலில் காற்றுதான் சேரும்.

சரி, எதற்கு இந்தப் பாடு? ஸ்கேன் கருவி அனுப்புவது ஒலி அலை. அது திரவத்தின் வழியாகத் தடையில்லாமல் போகும், காற்றைக் கண்டால் அப்படியே திரும்பிவிடும். அதனால்தான் தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று நிற்காமல் இருக்க அந்தக் குளிர்ந்த ஜெல்லைப் பூசுகிறார்கள். கருப்பையும் சினைப்பைகளும் இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் காற்று நிரம்பிய குடல் வளைந்து கிடக்கும். சிறுநீர்ப்பை நிரம்பினால் அந்தக் குடலை மேலே தள்ளிவிட்டு, அதே இடத்தில் தானே ஒரு ஜன்னலாக நின்றுகொள்கிறது. முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கருப்பையையும் கொஞ்சம் நிமிர்த்திவிடும். திரையில் சிறுநீர் கருகருவென்று தெரியும், ஏனென்றால் திரவத்தில் இருந்து எதிரொலி எதுவும் திரும்புவதில்லை. பை போதுமான அளவு நிரம்பியிருக்கிறதா என்பதை டாக்டர் அந்தக் கறுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார், கருப்பையின் உச்சியை அது மூடியிருக்க வேண்டும். அதற்காக உயிர் போகிற மாதிரி அடக்கவும் கூடாது. அளவுக்கு மீறி நிரம்பினால் பை கருப்பையை நசுக்கி, பார்க்க வேண்டியதையெல்லாம் கருவியில் இருந்து தூரமாகத் தள்ளிவிடும். அப்படி இருந்தால் "கொஞ்சம் மட்டும் போயிட்டு வாங்க" என்பார்கள். பாதியில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

கனடாவில் ஸ்கேன் எடுப்பது டெக்னாலஜிஸ்ட், அவர் வாயே திறக்க மாட்டார், ரிப்போர்ட் நம் குடும்ப டாக்டருக்குத்தான் போகும். இங்கே டாக்டரே கருவியைப் பிடிக்கிறார், பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவருக்கு அளவுகளைச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்கிறார். புடவையைக் கொஞ்சம் தளர்த்தி, அடிவயிற்றில் ஜெல். வளைந்த முகமுள்ள கருவியை நெடுக்காகவும் குறுக்காகவும் அழுத்தி நகர்த்தினார். நிரம்பிய பை மேல் அந்த அழுத்தம்தான் தாங்க முடியவில்லை, மற்றபடி வலி கிடையாது. கருப்பையின் நீளம், அகலம், உள்வரியின் தடிமன், இரண்டு பக்கமும் சினைப்பைகள் என்று வரிசையாக அளந்தார். சினைப்பையின் கொள்ளளவு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். மூன்று பக்க அளவுகளையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குவதுதானாம். என் இடது சினைப்பை 3 செ.மீ., 2 செ.மீ., 2 செ.மீ. இருந்தது, அதாவது சுமார் 6 மி.லி. இது 10-க்கு மேல் போனால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்குமோ என்று யோசிப்பார்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

என் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. என் கருப்பை பின்பக்கமாகச் சாய்ந்தது. நிறையப் பெண்களுக்கு அப்படி இருக்கும், அது நோய் இல்லை. ஆனால் கருப்பையின் உச்சி முதுகுப் பக்கம் போய்விடுவதால், தண்ணீர் ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே படம் மங்கிவிடுகிறது. பின்சுவரில் 3 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது, அதாவது ஃபைப்ராய்டு. ஆனால் அது சுவருக்குள்ளேயே நிற்கிறதா, உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு வருகிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதிகமாக ரத்தம் போவதற்கு உள்ளே துருத்தும் கட்டிதான் பெரும்பாலும் காரணம், அதனால் டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

"யூரின் போயிட்டு வாங்க, உள் ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். பெண்ணுறுப்பு வழியாகப் பார்க்கும் அந்த ஸ்கேனுக்கு மட்டும் பை காலியாக இருக்க வேண்டும். மெல்லிய நீண்ட கருவிக்கு உறை மாட்டி ஜெல் தடவி உள்ளே வைக்கிறார்கள். கருவி கருப்பைக்குப் பக்கத்திலேயே போய்விடுவதால் அதிக அதிர்வெண் அலையைப் பயன்படுத்தலாம், படம் பல மடங்கு தெளிவாக வரும். மூச்சை இழுத்துவிட்டுத் தளர்வாக இருந்தால் அசௌகரியம் மட்டும்தான். வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு, டாக்டர் ஆணாக இருந்தால் பெண் உதவியாளர் இருக்கட்டும் என்று கேட்கலாம். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நம் ஊரில் கேட்பது இதற்காகத்தான், சுற்றிவளைக்காமல் நேராகவே கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். உடலுறவு கொள்ளாதவர்களுக்குப் பொதுவாக இதைச் செய்ய மாட்டார்கள், மேல் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உள் ஸ்கேனில் கட்டியின் ஒரு ஓரம் உள்வரியை வளைத்துத் தள்ளுவது எனக்கே தெரிந்தது. வலது சினைப்பையில் 2.5 செ.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டியும் இருந்தது. மெல்லிய சுவர், உள்ளே சுத்தமான கறுப்பு. மாதவிடாய் வந்து 20 நாள் கழிந்த நிலையில் இது சகஜம், கருமுட்டை வெளியேறிய சுழற்சியில் உருவாகித் தானே கரைந்துவிடும் என்றார். ரிப்போர்ட்டில் "சிஸ்ட்" என்று பார்த்ததும் அம்மா பயந்துபோய்க் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது தனிக் கதை.

இந்த ஸ்கேனில் தெரியாதவையும் உண்டு. கருக்குழாய் வீங்கியோ நீர் கோத்தோ இருந்தால்தான் கண்ணில் படும், அடைப்பு இருக்கிறதா என்று இதில் சொல்ல முடியாது. கருப்பையின் உள்வரி போன்ற திசு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ், அது வயிற்றுச் சவ்வில் படர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும், வலி இருந்தும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். உள்வரியின் தடிமனும் சுழற்சி நாளைப் பொறுத்து மாறும். மாதவிடாய் முடிந்த கையோடு சில மில்லிமீட்டர்தான், பிற்பகுதியில் 12, 14 கூட இருக்கலாம். மாதவிடாய் நின்றுபோனவருக்கு ரத்தம் பட்டால் கணக்கே வேறு, 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலே திசுப் பரிசோதனை வரை போவார்கள்.

அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில் வந்தது. அதில் கடைசி மாதவிடாய்த் தேதி எழுதியிருக்கவில்லை, கேட்டு எழுதி வாங்கினேன். நீர்க்கட்டியைப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்தவுடன் டொராண்டோவில் மறுபடி எடுக்க வேண்டும். அங்கே பார்ப்பவருக்கு அந்தத் தேதி இல்லாமல் இந்த அளவுகள் பாதிதான் புரியும். படங்களையும் சிடியில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிவந்துவிட்டேன்.