அழிப்பதா, மறைப்பதா: பின்னணியைத் தொடும் முன்

படத்தின் பின்னணியை நீக்க இரண்டு வழிகள் உண்டு. வேண்டாத பகுதியைச் செலக்ட் செய்து Delete அழுத்துவது ஒன்று. வேண்டிய பகுதியைச் செலக்ட் செய்து, அதை மாஸ்க்காக மாற்றுவது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் மாஸ்க் பக்கம்தான்.

லேயர் என்பது படத்தின் மேல் வைத்த இன்னொரு படம். மேலதில் வெறுமையாக இருக்கும் இடத்தில் கீழது தெரியும். செலக்‌ஷன் வெறும் எல்லைக்கோடு. இந்தப் பகுதியில் மட்டும் வேலை செய் என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. மாஸ்க் லேயருடனேயே இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும்.

தீபாவளிக்கு அக்கா மகளைப் புளோக் கீழ்த்தளத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். பின்னால் தெரிந்த சுவருக்குப் பதிலாகச் சிராங்கூன் சாலை ஒளியூட்டு வேண்டும் என்றாள். கிம்ப் மென்பொருளின் Fuzzy Select நிற ஒற்றுமையை வைத்தே பகுதியைப் பிடிக்கும். சுவரும் வெள்ளை, தலையில் மல்லிகையும் வெள்ளை. சுவரைத் தொட்டால் பூவும் சேர்ந்து சிக்கும்.

Delete வழியில் அந்தப் பூ போய்விடும். Undo இருக்கிறதே என்பீர்கள். கோப்பை மூடியதும் அதுவும் போய்விடும். சேமித்த கோப்பில் மல்லிகை இருக்காது. அச்சுக்குக் கொடுக்கும் நாளில்தான் அக்கா, "பூவில் ஏன் ஓட்டை?" என்று கேட்பார்!

மாஸ்க்கில் பூ மறைந்துதான் இருக்கிறது. முதலில், லேயரில் வெறுமையான இடம் இருக்க வழிசெய்யும் Add Alpha Channel கொடுங்கள். சுவரைப் பிடித்த செலக்‌ஷனை Invert செய்தால் பிள்ளை தேர்வாகிவிடுவாள். பிறகு Add Layer Mask திறந்து, Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து Select மெனுவில் None கொடுக்க மறக்காதீர்கள். பழைய செலக்‌ஷன் உயிரோடு இருந்தால் தூரிகை அதற்கு வெளியே வேலை செய்யாது, பூவோ வெளியேதான் இருக்கிறது. இனி மாஸ்க்கின் சிறு படத்தைச் சொடுக்கி, வெள்ளைத் தூரிகையால் பூவின் மேல் தடவினால் மல்லிகை திரும்பி வரும். அதிகமாகிவிட்டால் X அழுத்திக் கறுப்புக்கு மாறலாம். தூரிகை பிள்ளையின் மேலேயே கறுப்பைப் பூசினால், நீங்கள் மாஸ்க்கில் இல்லை, படத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

ஓரத்தைச் சோதிக்க, கீழே கரும்பச்சை லேயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஜிமிக்கியின் இடுக்கில் மிஞ்சிய சுவர் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

கோப்பைக் கிம்பின் சொந்த வடிவமான XCF-இல் வையுங்கள். JPEG லேயரையும் மாஸ்க்கையும் ஒன்றாகத் தட்டையாக்கிவிடும். கடைப் பொருளைச் சாதா நிறப் பின்னணியில் எடுத்து ஒரே முறை பயன்படுத்துவதென்றால் Delete போதும், விரைவும்கூட. காற்றில் பறக்கும் முடிக்கு மாஸ்க் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதில் என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பழக்கமானவை இறுகப் பின்னிய சடைகள்தான்.