பத்து கிலோமீட்டருக்குப் பணம் கட்டினோம், ஆறோடு நிறுத்திவிட்டார்கள்

கோலாலம்பூரில் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓட்டத்தில் என் அக்காவுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அவருக்கு அதுதான் முதல் ஓட்டம். 10 கிலோமீட்டர் பிரிவு. கட்டணம் 79 வெள்ளி, பதிவுத் தளத்தின் செயலாக்கக் கட்டணம் 4 வெள்ளி. ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதே மாதிரி நடத்துகிறவர்கள் இவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் நடந்த விதத்தைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

அக்கா வேகமாக ஓடுகிறவர் அல்ல. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம் எடுப்பார். பத்துக்கு 95 நிமிடம். பதிவுப் பக்கத்தில் 10 கிலோமீட்டருக்கு ஃபிளாக் ஆஃப் காலை 6.30, ஓடி முடிக்க வேண்டிய கட்-ஆஃப் ஒரு மணி 45 நிமிடம், அதாவது 105 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். பத்து நிமிடம் மிச்சம். மெதுவாக ஓடுகிறவர்கள் முதல் ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கத்தின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது. அக்கா போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினார்.

பக்கத்தில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த 105 நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவார்கள்? ஹாரன் அடித்த நொடியிலிருந்து எண்ணுவது கன் டைம். நம் காலடி தொடக்கக் கோட்டிலுள்ள பாயைத் தாண்டும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப் பதிவு செய்வதிலிருந்து எண்ணுவது நெட் டைம். கட்-ஆஃபைப் பெரும்பாலும் கன் டைமில்தான் பார்ப்பார்கள். கூட்டத்தின் பின்னால் நிற்கிறவர் கோட்டைத் தாண்டவே ஐந்தாறு நிமிடம் ஆகும், அது அவர் கணக்கிலிருந்துதான் போகும். இதுவரைக்கும் நியாயம், எல்லா ஓட்டத்திலும் உள்ளதுதான். எங்களுக்கு நடந்தது வேறு. இவர்கள் கன் டைமிலும் எண்ணவில்லை, நெட் டைமிலும் எண்ணவில்லை. சுவர்க் கடிகாரத்தில் எண்ணினார்கள்.

அதற்கு முன்னால் பிப் வாங்கிய கதை. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ரேஸ் கிட் விநியோகம் வெள்ளி, சனி இரண்டு நாளும் புக்கிட் பிந்தாங்கில் ஒரு பேரங்காடியில் என்று பக்கம் சொன்னது. அந்த வாரத்தில் மின்னஞ்சல் வந்தது: இடம் மாற்றம், செராஸ் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி, சனிக்கிழமை மட்டும். இரண்டு நாள் கூட்டம் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? வரிசை படிக்கட்டில் இறங்கி நடைபாதையில் வளைந்து பக்கத்துக் கார் பட்டறை வரைக்கும் போனது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓட்டத்தன்று காலையில் கொடுப்பதாகவும் அறிவித்துவிட்டார்கள். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே அறிவித்து, சிறு எண்ணிக்கைக்குச் செய்தால் பரவாயில்லை. கடைசி வாரத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டால், தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டியவர்கள் கவுண்டரில் நிற்பார்கள்.

அக்காவின் ஐசியையும் உறுதிச் சீட்டையும் பார்த்துவிட்டு உறையைக் கொடுத்தார்கள். உள்ளே பிப், நான்கு ஊக்கு, சட்டை. சட்டை கேட்ட அளவு இல்லை, அது போகட்டும். பிப்பில் இருந்த எண் வேறு. சீட்டில் ஓர் எண், பிப்பில் இன்னொன்று. அக்கா திரும்பிப் போய்க் கேட்டார். கவுண்டரில் இருந்த பையன், "பரவால்ல அக்கா, ஓடலாம் லா, நாங்க சிஸ்டத்துல மாத்திடுவோம்" என்றான். சின்னப் பையன், அன்று காலைதான் கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள், அவனைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் எண்தான் சிப், சிப்தான் ஓட்டக்காரர். எண் மாறினால் நேரம் வேறொருவர் பெயரில் ஏறும். வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு வேறொருவர் வீட்டுக்குத் தொலைபேசி அடிக்கும். சீட்டையும் பிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கவுண்டரின் பதாகையும் தெரிகிற மாதிரி அங்கேயே ஒரு படம் எடுத்தோம். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

ஞாயிறு காலை. இங்கே ரயில் ஆறு மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். ஆறரை ஓட்டத்துக்கு அதை நம்ப முடியாது. நான் காரில் கொண்டுபோய் விட்டேன். 6.15க்கு 10 கிலோமீட்டர்க்காரர்களைத் தடுப்புக்குள் நிற்க வைத்தார்கள். 6.30 ஆனது, ஹாரன் இல்லை. மேடையில் ஸும்பா. 6.45, மறுபடியும் ஸும்பா. தடுப்புக்கு வெளியே பிப் கவுண்டரில் இன்னும் நீண்ட வரிசை. அவர்கள் வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம் என அறிவிப்பாளர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். கடைசியில் 7.10க்கு ஹாரன் அடித்தது. அக்கா கோட்டைத் தாண்டியபோது 7.16.

6.30க்குத் தொடங்கியிருந்தால் கட்-ஆஃப் 8.15. தொடக்கம் 40 நிமிடம் தள்ளிப்போனால் முடிவும் 40 நிமிடம் தள்ளிப்போய் 8.55 ஆக வேண்டும், இல்லையா? ஆகவில்லை. பாதி வழித்தடம் பொதுச்சாலை. சாலையை மூட அனுமதி வாங்கும்போது திறக்க வேண்டிய நேரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஏற்பாட்டாளர் தாமதித்தார் என்பதற்காகப் போலீஸ் கூம்புகளை வைத்துக்கொண்டு நிற்காது. 8.15க்கு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். ஆறாவது கிலோமீட்டர்ப் பலகையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் அக்காவையும் இன்னும் ஒரு கூட்டத்தையும் நிறுத்தி, நேரம் முடிந்துவிட்டது, வேனில் ஏறுங்கள் என்றார். கோட்டைத் தாண்டி 59 நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பதரை நிமிட வேகத்துக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், துல்லியமாக வர வேண்டிய இடத்தில் வந்திருக்கிறார். விட்டிருந்தால் 8.51க்கு முடித்திருப்பார், ஹாரனிலிருந்து 101 நிமிடம். அவர்கள் விதித்த 105க்குள்தான்.

சாலை திறந்த பிறகு ஓட விடாதது சரி. 2017 டிசம்பரில் கிள்ளான் நெடுவோட்டத்தில் ஓட்டக்காரர்கள் மேல் கார் மோதியது இங்கே ஓடுகிறவர்கள் யாருக்கும் மறக்காது. வேனில் ஏற்றியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 7.10க்கு ஹாரன் அடிக்கும்போதே, 65 நிமிடத்தில் சாலை திறந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மைக்கில் சொல்லியிருக்கலாம். மெதுவானவர்களைப் பூங்காவுக்குள்ளேயே சுற்றுகளாக ஓட விட்டிருக்கலாம். சொல்லாமல் அனுப்பிவிட்டு, ஓடி முடிக்கவில்லை என்று பதக்கம் மறுத்தார்கள். என் கணக்கில் ஏமாற்று என்பது அதுதான்.

முடிவுப் பட்டியல் வந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே 'தொடங்கவில்லை' என்று இருந்தது. பையன் சிஸ்டத்தில் மாற்றவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த முதல் பதில், "உங்கள் பெயரில் தொடக்கப் பதிவே இல்லையே" என்பது. படத்தை அனுப்பிய பிறகு பேச்சு மாறியது: கட்டணம் திருப்பித் தரப்படாது, ஏற்பாட்டாளர் முன்னறிவிப்பின்றி எதையும் மாற்றலாம் என்று விதிமுறையில் இருக்கிறது, அடுத்த ஓட்டத்துக்கு 20 வெள்ளி கழிவு தருகிறோம். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த விதி ஏறக்குறைய எல்லா ஓட்டத்திலும் இருக்கும், அதை வைத்து நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்க முடியாது. நான் இப்போது பக்கத்தைத் திறந்ததும் வேறு இரண்டு விஷயங்களைத் தேடுகிறேன். ஒன்று வழித்தட வரைபடம். பதிவு தொடங்கி வாரங்கள் ஆகியும் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றே இருந்தால் சாலை அனுமதி கைக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஓட்டத்தில் வரைபடம் கடைசி வாரம்தான் வந்தது. முதல் ஓட்டத்துக்குப் பொதுச்சாலையே தொடாமல் ஒரே பூங்காவுக்குள் இரண்டு சுற்று ஓடுவது மேல். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் தாமதமானால் சாலை திறந்துவிடும் என்று யாரும் துரத்த மாட்டார்கள்.

இன்னொன்று, யார் நடத்துகிறார்கள் என்பது. கார்டு பில்லில் வருவது பதிவுத் தளத்தின் பெயர். அவர்கள் நுழைவுச் சீட்டு விற்கிறவர்கள் மாதிரி, கேட்டால் ஏற்பாட்டாளரிடம் போங்கள் என்பார்கள். ஏற்பாட்டாளர் என்று பக்கத்தில் இருப்பது பல நேரம் ஓட்டத்தின் பெயரும் ஒரு வாட்சப் எண்ணும்தான். நிறுவனத்தின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் விதிமுறையின் அடியிலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு யார் மேல் புகார் எழுதுவது? எங்களுக்கு உறுதிச் சீட்டின் கடைசி வரியில், எறும்பு எழுத்தில் கிடைத்தது.

அந்தப் பெயரை வைத்து மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம். 83 வெள்ளிக்கு இத்தனை அலைச்சலா என்று அத்தான் கேட்டார். "நான் ஓட வந்தேன் தம்பி, தொடங்கவே இல்லன்னு எழுதி வச்சிருக்கான்" என்று அக்கா என்னிடம்தான் சொன்னார், அத்தானுக்குக் கேட்கிற மாதிரி.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதே காலையில் அதே வேனில் ஏறியவர்கள் யாராவது இதைப் படித்தால், உறுதிச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, இடம் மாற்றிய மின்னஞ்சல் மூன்றையும் அழிக்காதீர்கள். ஹாரன் அடித்த நேரம் தெரிகிற காணொளி உங்கள் கைப்பேசியில் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். 7.10 என்பதற்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம்.