பிரான்ச் டிலே ஸ்லாட்டுடன் ஏழு ஆண்டுகள்

10, 20, 30, 40 ஆகிய நான்கு எண்களின் சராசரி 12 என்று ஒரு சில்லு எனக்கு விடை தந்தது. அதே நிரலுக்கு சிமுலேட்டர் முந்தைய நாள்வரை 25 என்றுதான் காட்டியிருந்தது. மிப்ஸ் என்ற செயலி வகையின் அசெம்பிளி மொழியோடு எனக்கு ஏற்பட்ட முதல் தகராறு இது. ஏழு ஆண்டுகள் புழங்கிய பிறகும் அந்த மொழியைப் பற்றி யார் கேட்டாலும் இந்த 12-இலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

நிரல் இவ்வளவுதான். `$a0`-இல் பட்டியலின் முகவரி வரும். விடை `$v0`-இல் போகும்.

```
        .set  noreorder
avg4:   move  $v0, $zero
        addiu $t1, $a0, 16
loop:   lw    $t0, 0($a0)
        addiu $a0, $a0, 4
        addu  $v0, $v0, $t0
        bne   $a0, $t1, loop
        sra   $v0, $v0, 2
        jr    $ra
        nop
```

மேலோட்டமாகப் படித்தால் குற்றம் தெரியாது. நான்கு எண்களைக் கூட்டி, லூப் முடிந்ததும் `sra` மூலம் இரண்டு பிட் வலப்புறம் நகர்த்தி நான்கால் வகுக்கிறோம். ஆனால் மிப்ஸில் ஒரு கிளைக் கட்டளைக்கு அடுத்து நிற்கும் கட்டளை, தாவல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடிவிடும். அந்த இடத்துக்குத்தான் பிரான்ச் டிலே ஸ்லாட் என்று பெயர். தாவ வேண்டுமா என்று `bne` முடிவெடுக்கும் நேரத்தில் அடுத்த கட்டளை ஏற்கெனவே பைப்லைனுக்குள் வந்துவிட்டிருக்கும். அதை வீணாக்குவானேன் என்று வடிவமைப்பாளர்கள் அதை ஓட விட்டுவிட்டார்கள்.

ஆகவே என் `sra` ஒவ்வொரு சுற்றிலும் ஓடியது. முதல் சுற்றில் 10 என்பது 2 ஆனது. 2-உடன் 20 சேர்ந்து 22, அது 5 ஆனது. 5-உடன் 30 சேர்ந்து 35, அது 8 ஆனது. 8-உடன் 40 சேர்ந்து 48. நான்கால் வகுக்க, 12.

சிமுலேட்டர் ஏன் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை? மார்ஸ், ஸ்பிம் இரண்டிலும் இந்தத் தாமதக் கிளைத்தல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்; நாமே போய் இயக்க வேண்டும். குனூ அசெம்பிளராவது காப்பாற்றியிருக்கலாம். அது தன் இயல்புநிலையில், கிளைக்குப் பின் தானாகவே ஒரு `nop` வைக்கும். அல்லது முந்தைய கட்டளை தோதாக இருந்தால் அதைக் கீழே நகர்த்தும். அந்த உதவியை நானே முதல் வரியில் `.set noreorder` என்று எழுதித் தடுத்திருந்தேன். வேறொரு தொடக்கக் கோப்பிலிருந்து பொருள் புரியாமல் நகலெடுத்த வரி அது. `jr`-க்குக் கீழே இருக்கும் `nop`-உம் அப்படி வந்ததுதான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அன்றே யோசித்திருந்தால் ஒரு பகல் மிச்சமாகியிருக்கும்.

டீபக்கரும் கைகொடுக்கவில்லை. `stepi` கொடுத்தால் கிளையையும் அதன் ஸ்லாட்டையும் ஒரே அடியாகத் தாண்டியது. `sra` மேல் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. நிற்காத வரியை நான் சந்தேகிக்கவும் இல்லை.

எளிய மருந்து, `bne`-க்குப் பின் ஒரு `nop`. அப்போது சுற்றுக்கு ஐந்து கட்டளைகள். ஆனால் அந்த இடத்துக்கு உருப்படியான வேலை கொடுக்கலாம்:

```
loop:   lw    $t0, 0($a0)
        addiu $a0, $a0, 4
        bne   $a0, $t1, loop
         addu $v0, $v0, $t0
        sra   $v0, $v0, 2
```

`addu` கீழே இறங்கிவிட்டது. சுற்றுக்கு நான்கே கட்டளைகள். `bne` பார்ப்பது `$a0`, `$t1` இரண்டை மட்டுமே. `addu` இரண்டையும் தொடுவதில்லை. கடைசிச் சுற்றிலும் அது ஓட வேண்டியதுதான், ஓடுகிறது. ஸ்லாட்டில் இருக்கும் வரியை ஓர் எழுத்து உள்ளே தள்ளி எழுதுவது அன்று தொடங்கிய பழக்கம்.

இந்த மாற்றம் இவ்வளவு எளிதாக அமைந்ததற்குக் காரணம் லோட்-ஸ்டோர் அமைப்பு. இங்கே நினைவகத்தைத் தொடும் உரிமை `lw`, `sw` வகையறாவுக்கு மட்டுமே உண்டு. கணக்குப் போடும் கட்டளைகளுக்கு ரெஜிஸ்டர்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. நினைவகத்திலிருந்து எடுத்துக் கூட்டுவதை ஒரே கட்டளையில் முடிக்கும் செயலிகளிலிருந்து வந்தவர்களுக்கு இது வளவளவென்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் எடுப்பதும் கூட்டுவதும் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால்தான் கூட்டலை மட்டும் கழற்றி வேறிடத்தில் வைக்க முடிந்தது. நடுவில் `addiu` நிற்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. 1988-இல் வந்த ஆர்3000 போன்ற முதல் தலைமுறைச் சில்லுகளில், `lw` எடுத்துவரும் மதிப்பை உடனடுத்த கட்டளை பயன்படுத்தக் கூடாது. அது வந்து சேர ஒரு கட்டளை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை முகவரி கூட்டும் வேலை நிரப்புகிறது.

எதையும் ஸ்லாட்டில் போடலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு `addiu $a0, $a0, 4` என்பதை அங்கே இறக்கினேன். `bne` அப்போது கூட்டுவதற்கு முந்தைய `$a0`-ஐ ஒப்பிடுகிறது. பட்டியல் `0x1000`-இல் தொடங்கினால் முடிவு `0x1010`. நான்காம் எண் இருக்கும் `0x100c`-இல் ஒப்பீடு சமமாகாததால் லூப் மீண்டும் சுற்றி, `0x1010`-இல் கிடக்கும் ஏதோ ஒன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டது. `$t1`-ஐக் கடைசி எண்ணின் முகவரியாக, அதாவது `$a0`-உடன் 16-க்குப் பதில் 12 கூட்டி அமைத்தால் சரியாகிவிடும்.

இவ்வளவும் என் தவறுகள். ஸ்லாட்டின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான மனத்தாங்கல் விதிவிலக்குகளைக் கையாளும் இடத்தில்தான். ஸ்லாட்டில் இருக்கும் ஒரு `lw`, நான்கால் வகுபடாத முகவரியைத் தொட்டால் விதிவிலக்கு எழும்; ஆனால் விதிவிலக்கு எழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் EPC ரெஜிஸ்டர் காட்டுவது அந்த `lw`-ஐ அல்ல, அதற்கு மேலே இருக்கும் கிளையை. பழுதே இல்லாத ஒரு `jal`-ஐ நான் நெடுநேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். Cause ரெஜிஸ்டரின் 31-ஆம் பிட் 1 ஆக இருந்தால் குற்றவாளி EPC-க்கு நான்கு பைட் தள்ளி இருக்கிறது. இப்போது என் விதிவிலக்கு நிரல் முதலில் அச்சிடுவது அந்தப் பிட்டைத்தான்.

இன்று சாதாரண நிரல்களை அசெம்பிளரின் இயல்புநிலையிலேயே எழுதுகிறேன். ஸ்லாட்டை அதுவே நிரப்பட்டும். `noreorder` விதிவிலக்கு நிரலிலும் தொடக்க நிரலிலும் மட்டும். எழுதி முடித்ததும் `objdump -d` போட்டு, ஒவ்வொரு கிளைக்கும் அடுத்த வரியில் மட்டும் கண்ணை ஓடவிட்டுப் படிக்கிறேன். என் மூல வரிசையும் அதில் வரும் வரிசையும் மாறியிருந்தால் அசெம்பிளர் நகர்த்தியிருக்கிறது என்று பொருள்.

பைப்லைன் நீண்ட பின்வந்த சில்லுகளில் ஒரு கட்டளை இடைவெளி போதவில்லை; ஆனாலும் பழைய நிரல்களுக்காக ஸ்லாட் நீடித்தது. மிப்ஸ் கட்டளைத் தொகுதியின் ரிலீஸ் 6 வந்தபோது `bnec` போன்ற, ஸ்லாட்டே இல்லாத கிளைகளைச் சேர்த்தார்கள். மேலே இருக்கும் நான்கு வரி லூப்பில் `bne`-ஐ மட்டும் `bnec` ஆக்கி மற்றதை அப்படியே விட்டுப் பார்த்தேன். தாவும்போதெல்லாம் `addu` தவிர்க்கப்பட்டு, கடைசிச் சுற்றில் மட்டும் ஓடியது. `$v0`-இல் சேர்ந்தது 40 மட்டுமே. சராசரி இந்த முறை 10.