EST என்று போட்ட தேர்வு நம் ஊரில் எத்தனை மணிக்கு? மூன்று வழிகளின் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கோயம்புத்தூர் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒரு தங்கச்சி என்னிடம் ஒரு மெயிலைக் காட்டினாள். அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்தும் ஆன்லைன் தேர்வு. தேதி 2026 மார்ச் 12, வியாழன். நேரம் `10:00 AM EST`. “ராத்திரி எட்டரைன்னு கூகுள்ல வருது, ஏழரைன்னு பிரெண்டு சொல்றா. எதுண்ணா சரி?” என்று கேட்டாள். இரண்டுக்குமே கணக்கு இருக்கிறது. தப்பு எங்கே நுழைகிறது என்பதுதான் தெரியவேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் செய்வது, அந்த மூன்று எழுத்தை அப்படியே தேடலில் போடுவது. EST என்பது நியூயார்க் இருக்கும் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்; உலகப் பொது நேரமான UTC-யை விட 5 மணி நேரம் பின்னால். நாம் 5:30 முன்னால். ஆக மொத்தம் பத்தரை மணி நேர வித்தியாசம், காலை 10 மணிக்குக் கூட்டினால் இரவு 8:30. எழுத்துப்படி இது சரியான விடை. ஆனால் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். 2026-ல் அது மார்ச் 8. அன்றிலிருந்து நவம்பர் 1 வரை நியூயார்க்கில் நடப்பது EDT என்ற கோடை நேரம். அப்போது வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம்தான். அந்த ஊர்க்காரர்கள் பலர் கோடையிலும் பழக்கத்தில் EST என்றே எழுதிவிடுவார்கள். அவர்கள் மனதில் இருப்பது சுவரில் மாட்டிய கடிகாரத்தின் 10 மணி. அப்படியானால் நமக்கு இரவு 7:30. இந்த ஒரு மணி நேரத்தில்தான் தேர்வு கைவிட்டுப் போகிறது. CST இன்னும் மோசம்: அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்கும் சீனாவுக்கும் அதே மூன்று எழுத்து.

இரண்டாவது வழி, எழுத்தை விட்டுவிட்டு ஊரையும் தேதியையும் கொடுப்பது. `timeanddate.com` போன்ற தளத்தில் New York, மார்ச் 12, காலை 10 மணி என்று கொடுத்து, எதிரே Kolkata-வைப் பாருங்கள். 7:30 PM என்று வரும். தேதியைக் கொடுக்க மறந்தால் இன்றைய வித்தியாசத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும். பிப்ரவரியில் உட்கார்ந்து மார்ச் தேர்வுக்குப் பார்ப்பவர்கள் மாட்டுவது இதில்தான். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
TZ=Asia/Kolkata date -d 'TZ="America/New_York" 2026-03-12 10:00'
```

கணக்குக்கு இதுதான் சிறந்த வழி. ஆனால் நடத்துபவர் எதை நினைத்து எழுதினார் என்பதை இது சொல்லாது.

அதைச் சொல்வது மூன்றாவது வழி: மெயிலோடு வரும் காலண்டர் கோப்பு. `.ics` என்று முடியும். தொட்டால் போன் காலண்டரில் நம் நேரத்திலேயே ஏறிவிடும். பெரும்பாலும் நடத்துபவரின் காலண்டர் மென்பொருளே எழுதுவதால் EST/EDT குழப்பம் இதில் அரிது. சந்தேகம் வந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து இந்த வரியைத் தேடுங்கள்:

```
DTSTART;TZID=America/New_York:20260312T100000
```

இப்படி இருந்தால் 7:30 உறுதி. `20260312T140000Z` என்று Z-யில் முடிந்தாலும் அதே நேரம்தான்; அது UTC-யில் 14 மணி. `T150000Z` என்றிருந்தால் 8:30. ஊரும் இல்லை, Z-யும் இல்லை, வெறும் `20260312T100000` மட்டும் இருந்தால் அந்தக் கோப்பை நம்பாதீர்கள். போன் அதைக் கொழிஞ்சாம்பாறைக் காலை 10 மணி என்றே காட்டும். அறிவிப்பில் உள்ள அதே மணி போனிலும் மாறாமல் நின்றால் அதுதான் அறிகுறி.

என் தேர்வு இதுதான்: ஊரும் தேதியும் கொடுத்துக் கணக்குப் போடுங்கள், காலண்டர் கோப்போடு ஒத்துப் பாருங்கள். எழுத்தை அப்படியே தேடலில் போடும் வழியை விட்டுவிடலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால், அல்லது கோப்பே வராவிட்டால், “UTC-யில் எத்தனை மணி?” என்று நடத்துபவருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். UTC-க்குக் கோடையும் குளிர்காலமும் கிடையாது. 5:30 கூட்டினால் முடிந்தது. பதில் வராவிட்டால் இரண்டில் முந்தைய நேரத்துக்கே தயாராக இருங்கள். முந்தி உட்கார்ந்தால் ஒரு மணி நேரக் காத்திருப்பு, பிந்தினால் தேர்வே இல்லை. நவம்பரிலும் இதே விதிதான். அப்போது பழக்கத்தில் EDT என்று எழுதுபவர்களால் தப்பு எதிர்ப்பக்கமாக வரும்.

அந்தத் தங்கச்சியின் மெயிலில் கோப்பு இருந்தது, உள்ளே America/New_York என்றும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து நெட் சென்டரில் எட்டரைக்குச் சொல்லிவைத்திருந்த சீட்டை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டாள்.