விற்பனையாளர் ஒப்பந்தத்தை மெய்ப்பு பார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கரூரில் பெட்ஷீட் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். 2024 தீபாவளி சீசனில் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இப்போது புதிதாக ஏதாவது ஒரு விற்பனைத் தளத்தில் சேரப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு தளத்திலிருந்து ஒப்பந்த வரைவு வந்தது. ஆங்கிலத்தில் 19 பக்கம். திருத்தம் ஏதாவது வேண்டுமென்றால் பத்து நாளுக்குள் சொல்லுங்கள் என்றார்கள். நானும் இன்னும் இரண்டு விற்பனையாளர்களும் சேர்ந்து, ஆங்கில ஆவணங்களை மெய்ப்பு பார்த்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் 4,500 ரூபாய் கொடுத்தோம். கமிஷன் எப்படிப் போடுவார்கள், பணம் எந்தத் தேதியில் வரும், ஒரே சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வருகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள் என்று மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தோம். மூன்றாம் நாள் நூற்றுக்கும் மேல் திருத்தங்களோடு கோப்பு திரும்பி வந்தது. காற்புள்ளி, எழுத்துப்பிழை, எண் வரிசை எல்லாம் சுத்தமாக இருந்தது. நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

முதல் செட்டில்மெண்ட் வந்தபோது கணக்கு உதைத்தது. என் பெட்ஷீட் செட் விலை 800 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 40 ரூபாய், டெலிவரிக்கு 60 ரூபாய், ஆக வாடிக்கையாளர் கட்டுவது 900. டெலிவரிப் பணம் தளத்துக்கே போய்விடும். ஆறாம் பிரிவில் கமிஷன் 'நெட் சேல் பிரைஸில் 15 சதவீதம்' என்று இருக்கிறது. முதல் பக்கத்து விளக்கத்தில் நெட் சேல் பிரைஸ் என்றால் ஜிஎஸ்டியும் டெலிவரியும் நீங்கலான விலை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் கமிஷன் 120. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 21 ரூபாய் 60 காசு. அரசுக்காகப் பிடிக்கும் டிசிஎஸ், டிடிஎஸ் இரண்டும் சேர்த்து ஐந்து ரூபாய்க்குள் வரும். கைக்கு 693 ரூபாய் சொச்சம் வந்திருக்க வேண்டும். வந்தது 675 ரூபாய் சொச்சம்.

முதலில் வரிப்பிடித்தம் என்றுதான் நினைத்தேன். ஸ்டேட்மெண்டில் எல்லாப் பிடித்தத்தையும் ஒரே வரியில் கூட்டிப் போட்டிருந்ததால் எது எவ்வளவு என்று தெரியவில்லை. கேட்டு வாங்கிப் பார்த்தால், கமிஷனை 900 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள்: 135. ஏன் என்று கேட்டேன். கடைசிப் பக்கத்து இணைப்பைக் காட்டினார்கள். அங்கே 'கமிஷன்: ஆர்டர் வேல்யூவில் 15 சதவீதம்' என்று இருக்கிறது. பிரிவுக்கும் இணைப்புக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும் என்று வேறொரு பிரிவு சொல்கிறது. ஒரு செட்டுக்கு 15 ரூபாய் கமிஷன் கூடுதல், அதன்மேல் ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம். 15 ரூபாய் போனது போனதுதான். அந்த மாதம் 400 செட் விற்றேன், 6,000 ரூபாய்.

என்னை அதிகம் வருத்தியது இதற்குப் பிறகு தெரிந்ததுதான். தளம் அனுப்பிய பழைய வரைவை எடுத்துப் பார்த்தேன். அதில் 'ஆர்டர் வேல்யூ' முழுக்கச் சிறிய எழுத்தில் இருந்தது. விளக்கப் பகுதியில் அந்தச் சொல்லே கிடையாது. ஆங்கில ஒப்பந்தங்களில் விளக்கம் கொடுத்த சொல்லை முதல் எழுத்துப் பெரிய எழுத்தாக எழுதுவார்கள், படிப்பவர் அதைப் பார்த்துத்தான் முன்பக்கத்துக்குப் போய்ப் பொருள் தேடுவார். மெய்ப்பு பார்த்தவர், மற்றச் சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன, இது மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து இதையும் பெரிய எழுத்தாக்கிவிட்டார். விளக்கமே இல்லாத ஒரு சொல் விளக்கம் உள்ள சொல்போலத் தோற்றம் கொண்டுவிட்டது. அவர் தொடாமல் விட்டிருந்தால்கூட என் கண்ணில் பட்டிருக்கும். அங்கே செய்யவேண்டியது திருத்தம் இல்லை, ஓரத்தில் ஒரு கேள்வி: 'இந்தச் சொல்லுக்கு விளக்கம் இல்லை. நெட் சேல் பிரைஸைத்தான் சொல்கிறீர்களா?' இந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம்.

பணம் வரும் தேதியிலும் இதே கதை. ஏழாம் பிரிவில் 'ஆர்டர் நிறைவடைந்து 7 வேலை நாளில் செட்டில்மெண்ட்'. நான் டெலிவரி ஆன நாள் என்று எடுத்துக்கொண்டேன். விளக்கப் பகுதியில் ஆர்டர் நிறைவு என்பது திருப்பி அனுப்பும் காலம் முடிவது. அந்தக் காலம் 10 நாள் என்று வேறு பக்கத்தில். இணைப்பில், பணம் வியாழக்கிழமைகளில் மட்டும் அனுப்பப்படும் என்று. நாலையும் சேர்த்து ஒரு ஆர்டரை நடத்திப் பாருங்கள். அக்டோபர் 3ஆம் தேதி வியாழன் டெலிவரி. திருப்பி அனுப்பும் காலம் 13ஆம் தேதி ஞாயிறு முடிகிறது. 14ஆம் தேதியிலிருந்து ஏழு வேலை நாள் எண்ணினால் 22 செவ்வாய். அடுத்த வியாழன் 24. நான் ஒரு வாரத்தில் வரும் என்று நம்பி நூல்காரருக்குத் தேதி சொல்லியிருந்தேன், வந்தது டெலிவரி ஆகி 21ஆம் நாள். அக்டோபர் 31 தீபாவளி. தையல்காரர்களுக்கு போனஸ் கொடுக்கக் கடன் வாங்கவேண்டியதாகிவிட்டது.

அந்தத் தேதிகளில் தப்பு எதுவும் இல்லை, தளத்துக்கு அப்படி வைக்க உரிமை உண்டு. நாலு இடத்தில் சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்த்துக் காட்டச் சொல்லித்தான் கேட்டிருந்தோம். அது நடக்கவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் மொழியை மட்டும்தான் பார்ப்போம், சட்டம் பார்ப்பதில்லை என்றார்கள். பணமும் திரும்பவில்லை. சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம், சரிதான். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருக்கிறது என்று சொல்ல வக்கீல் தேவையில்லை.

அப்புறம் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்ட முறை இது. விளக்கப் பகுதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தாளில் எழுதி, கோப்பில் தேடி, வரும் இடமெல்லாம் பார்க்க வேண்டும். பிறகு எதிர்த்திசையில், சதவீதக் குறி வரும் இடங்களையெல்லாம் தேடி, 'எதன்மீது இந்தச் சதவீதம்?' என்று கேட்டு, அந்தச் சொல் தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஏமாந்த இடம் இந்த இரண்டாம் தேடலில்தான் பிடிபடும், முதலாவதில் கிடைக்காது. நாள் கணக்குக்கு 'நாள்' என்ற சொல்லைத் தேடி, எந்த நிகழ்விலிருந்து, காலண்டர் நாளா வேலை நாளா, அவர்கள் அனுப்பும் தேதியா நம் வங்கியில் ஏறும் தேதியா என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். பதில் கிடைக்காத இடமெல்லாம் தளத்திடம் மின்னஞ்சலில் கேட்கவேண்டிய கேள்வி. கடைசியாக, ஒரு கற்பனை ஆர்டரை ரூபாயிலும் தேதியிலும் நடத்திப் பார்த்து, அந்தக் கணக்கையே தளத்துக்கு அனுப்பி 'இது சரியா?' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மெய்ப்பு பார்க்க ஆள் வைப்பதாக இருந்தால், சொல் மாற்றமும் பெரிய எழுத்து மாற்றமும் தானாகச் செய்யாமல் கேள்வியாகத் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். எவ்வளவு திருத்தம் வந்தது என்று பார்க்காதீர்கள், ஓரத்தில் எத்தனை கேள்வி இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு வந்த கோப்பில் ஒரு கேள்விகூட இல்லை.

ஜனவரியில் தளத்துக்கு அந்த 900 ரூபாய்க் கணக்கை அனுப்பினேன். இணைப்பில் ஆர்டர் வேல்யூவை எடுத்துவிட்டு நெட் சேல் பிரைஸ் என்று மாற்றித் தந்தார்கள், பிப்ரவரி முதல் செல்லும்படி. அதற்கு முன் பிடித்தது திரும்பவில்லை.