விலை கேட்பவரை விற்பனையாளரிடம் ஒப்படைப்பது: மூன்று வழிகள்

நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குக் கடையை வைத்துப் பார்ப்போம். இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்கள். விசாரணை அங்கும் வருகிறது, வாட்ஸ்அப்பிலும் வருகிறது. செய்திகளுக்குப் பதில் எழுதுவது ஒரு பெண். எடை போட்டு விலை சொல்லி, அட்வான்ஸ் வாங்கி, பார்சல் அனுப்புவது இன்னொருவர். முதலாமவரிடமிருந்து இரண்டாமவருக்கு வாடிக்கையாளர் எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதில்தான் மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

சேமித்த பதில் மூன்றிலும் உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் `/vilai` என்று தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். ஐம்பது பதில்கள்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழெட்டுக்கு மேல் வைத்தால் எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே நேரம் போகும். பித்தளை எடைக்கு விற்பது. கிலோ விலை மாறிக்கொண்டே இருக்கும். எனவே விலை ஒரே ஒரு பதிலில் மட்டும் இருக்கட்டும், அதைத் திருத்தும் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கட்டும். நான்கு பதில்களில் விலை எழுதிவைத்தால் மூன்று பழசாகிக் கிடக்கும். ஒரே உரையாடலில் இரண்டு விலை தென்பட்டால் கோளாறு அங்கேதான். அதற்காக விலையே சொல்லாமல் “தொடர்பு கொள்ளுங்கள்” என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. அவர் ஏற்கெனவே தொடர்பு கொண்டுதானே கேட்கிறார்! இன்றைய கிலோ விலையைச் சொல்லிவிட்டு, “எந்த உயரம், எந்தத் தேதிக்குள், எந்த ஊருக்கு?” என்று கேட்டு முடிக்க வேண்டும்.

முதல் வழி, விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு விவரத்தை அனுப்பி, “அவர் உங்களை அழைப்பார்” என்று சொல்லிவிடுவது. பலரும் செய்வது இதுதான், மூன்றில் மோசமானதும் இதுதான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பலர் எடுப்பதில்லை. எடுத்தவரும் உயரம், தேதி, ஊர் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விற்பனையாளர் வேலையை விட்டுப் போனால் உரையாடல்களும் அவர் போனோடு போய்விடும்.

இரண்டாவது, ஒரே கடை எண். அதனுடன் இணைத்த கணினியிலோ இன்னொரு போனிலோ விற்பனையாளர். செலவில்லாமல் நான்கு கருவிகள்வரை இணைக்கலாம். இன்ஸ்டாகிராமில் வருபவரை இந்த எண்ணுக்கு அழைத்துவர, அங்குள்ள சேமித்த பதிலில் இப்படி ஓர் இணைப்பை வைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KV3
```

அதைத் தொட்டால் மூன்றடி விளக்குக்குக் கடை வைத்த குறி செய்திப் பெட்டியில் தயாராக இருக்கும். அவர் அனுப்பினால் போதும். தொடாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல் இன்ஸ்டாகிராமிலேயே பேசி முடிப்பது மேல்.

இந்த வழியில் ஒப்படைப்புக் குறிப்பை வாடிக்கையாளருக்கே எழுதிவிடலாம். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் ஆவணி மாதப் புதுமனைப் புகுவிழாவுக்கு விளக்கு கேட்கிறார் என்றால்: “வணக்கம் அம்மா. அன்னம் வைத்த மூன்றடி விளக்கு ஒரு ஜோடி, ஆவணி 5க்குள் தஞ்சாவூருக்கு. சரிதானே? எடை போட்டு மொத்த விலையை எங்கள் விற்பனையாளர் இங்கேயே இரண்டு நாளில் சொல்வார்.” அவர் “சரி” என்றதும் உரையாடலில் ‘விற்பனைக்கு’ என்று லேபிள். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்திவிடுவார். விற்பனையாளர் மேலே தேடிப் படிக்காமல் அந்த ஒரு செய்தியைப் பார்த்தால் போதும்.

குறை ஒன்று உண்டு. எந்தக் கருவியிலிருந்து யார் பதில் எழுதினார் என்று சாதாரணச் செயலி காட்டாது. லேபிள் விழுந்த உரையாடலில் முதலாமவர் எழுதுவதில்லை என்று கடைக்குள் பேசிவைத்துக்கொண்டால்தான் இருவரும் ஒரே நேரத்தில் பதில் எழுதும் கூத்து நடக்காது.

மூன்றாவது, வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தில் இயங்கும் பொது இன்பாக்ஸ் மென்பொருள். உரையாடலை ஒருவர் பெயருக்கு மாற்றலாம், வாடிக்கையாளர் கண்ணில் படாத குறிப்பு எழுதலாம், யார் தாமதித்தார் என்றும் தெரியும். ஒப்படைப்பில் இதுதான் சுத்தம். ஆனால் வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டி அனுமதி பெற்ற வார்ப்புருச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். அதற்குக் கட்டணமும் உண்டு. பட்டறையில் விளக்கைக் கடைந்து முடித்து எடை சொல்ல இரண்டு நாள் ஆகும் தொழிலில் இந்தக் கெடு அடிக்கடி தவறும். செயலியில் அப்படிக் கெடு கிடையாது.

இருவர் மூவர் கவனிக்கும் கடைக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கும்பகோணத்தில் ஒரு கிளை, சென்னையில் ஒரு கிளை என்று ஒரே எண்ணில் ஐந்தாறு பேர் பதில் எழுதும் நிலை வந்தால் மூன்றாவதற்கு மாறலாம். அப்போது முதலில் அனுமதி வாங்க வேண்டிய வார்ப்புரு, “நீங்கள் கேட்ட விளக்கின் எடையும் விலையும் தயார்” என்பது.